பிசுக்கு ஏறிய இரும்புக் கடாயை உரித்து, மறுபடி பழக்கியது

வாய் அகலம் 28 செ.மீ., தகடு ஏறக்குறைய 2 மி.மீ. கனம், இரண்டு பக்கமும் ரிவெட் அடித்த இரும்புக் காதுகள். வார்ப்பிரும்பு இல்லை, தகட்டை அடித்துக் குழித்த கறுப்பு இரும்புக் கடாய். அக்கா கொஞ்ச காலம் பயன்படுத்திவிட்டு, "எவ்வளவு கழுவினாலும் கை ஒட்டுது, எதைச் சமைச்சாலும் இரும்பு வாடை அடிக்குது, தூக்கிப் போட்டுடட்டுமா?" என்று கேட்டுக் கொடுத்த கடாய் இது. வாடை வரும்போதெல்லாம் அவள் செய்தது இன்னும் கொஞ்சம் எண்ணெய் தடவிக் காய்ச்சியதுதான். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். இந்தக் கடாயின் நோயும் அதுவேதான்.

வேலையைத் தொடங்கும் முன் கடாயை நன்றாகப் பார்த்தேன். பார்க்கிற விதம் எளிது. முழுக்க ஆறிய கடாயின் உட்புறத்தில் ஒரு வெள்ளை டிஷ்யூத் தாளை லேசாக அழுத்தி இழுக்க வேண்டும். தாள் வழுக்கிக்கொண்டு போனால் அந்த இடம் சரியாக இருக்கிறது. தாளின் நார் பிய்ந்து கடாயில் ஒட்டினால் அங்கே பிசுக்கு. தாளில் செம்பழுப்பு நிறம் ஏறினால் துரு. சாம்பல் நிறமாகத் தேய்ந்து வந்தால் மூடாத வெறும் இரும்பு, அல்லது கருகிய தூள். இந்தக் கடாயில் மூன்றும் இருந்தன, ஆனால் வெவ்வேறு இடங்களில். விளிம்பிலிருந்து கீழே மூன்று விரல் அகலத்துக்குப் பழுப்பு நிறப் பிசுக்கு வளையம், அதில் எண்ணெய் வழிந்து நின்ற கோடுகள் வேறு. அதற்குக் கீழே பக்கச் சுவர் கறுப்பாக, வழவழப்பாக, நல்ல நிலையில். அடிக்குழியில் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்ப் படலமே இல்லாமல் சாம்பல் நிற இரும்பு. அதன் ஓரத்தில் துருப் புள்ளிகள்.

பிசுக்கும் வாடையும் இரண்டு தனித்தனிக் கோளாறு என்று தோன்றும். இந்தக் கடாயை இடம் இடமாகப் பார்த்தால் இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது தெரிந்துவிடும். எண்ணெய் தேவைக்கு மேல் நின்ற இடத்தில் பிசுக்கு, எண்ணெய் தங்காமல் போன இடத்தில் வாடை.

பழக்குவது என்றால் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருகிற ஒவ்வொரு முடிவும் இதிலிருந்துதான் வரும். சமையல் எண்ணெயின் மூலக்கூறுகளில், சூடும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்தால் பக்கத்து மூலக்கூறோடு கைகோத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. போதுமான சூட்டில் போதுமான நேரம் இருந்தால் அவை ஒன்றோடொன்று பின்னி, சோப்புக்கும் கரையாத கெட்டியான படலமாகிவிடும். ஓவியர்கள் தீட்டும் ஆளிவிதை எண்ணெய் வர்ணம் காய்வதும் இதே வேதியியல்தான். ஆனால் படலம் மெல்லியதாக இருந்தால்தான் காற்றும் சூடும் அடிவரை போய்ச் சேரும். கனமாகத் தடவினால் மேல் தோல் இறுகும், உள்ளே பாதி எண்ணெயாகவே நிற்கும். அதைத்தான் பிசுக்கு என்கிறோம். சூடு போதாவிட்டாலும் அதே கதைதான். அடுப்பில் வைத்த கடாயில் விளிம்புக்குச் சூடு எப்போதும் குறைவு. அதனால்தான் பிசுக்கு வளையம் விளிம்பில் உட்கார்ந்திருந்தது.

அடிக்குழியின் கதை நேரெதிர். அங்கே சூடு அதிகம், கரண்டி உரசுவது அதிகம், தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பு தேங்கி நிற்பதும் அங்கேதான். அமிலம் அடியில் உள்ள இரும்பைக் கொஞ்சம் கரைத்து, படலத்தின் பிடியைத் தளர்த்திவிடும். அப்புறம் கரண்டி பட்டால் படலம் பெயர்ந்து வரும். வெறும் இரும்பு வெளியே வந்ததும் வாடை தொடங்கும். இதில் ஒரு வேடிக்கை: இரும்புக்கென்று காற்றில் பரவுகிற வாசனை எதுவும் கிடையாது. இரும்புக் கம்பியைப் பிடித்த கையில் வருகிற 'இரும்பு வாடை'கூட, தோலில் உள்ள கொழுப்பை இரும்பு அயனிகள் சிதைப்பதால் உண்டாகும் 1-ஆக்டென்-3-ஓன் போன்ற சேர்மங்களின் வாடைதான். கடாயிலும் வெறும் இரும்பின் மேல் எண்ணெய் பட்டால் அது சீக்கிரம் சிதைந்து சிக்கு வாடை எடுக்கும். கூடவே, இரும்பு கரைந்த நீர் நாக்கில் துவர்க்கும். ஆக, வாடை வரும்போது மேலே மேலே எண்ணெய் தடவி வைப்பது வாடைக்குத் தீனி போடுவதாகும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கறுப்பாக இருப்பதெல்லாம் பழக்கிய கறுப்பு இல்லை. தகடு இரும்பின் மேல், ஆலையில் சூடாக உருட்டும்போது படிந்த கருநீல ஆக்சைடு அடுக்கு இருக்கும். அது இரும்போடு ஒட்டிய ஒன்று, இருந்தால் தப்பில்லை. சில கடாய்களுக்குத் துருப் பிடிக்காமல் இருக்க மெழுகோ, எண்ணெயோ, அரக்குப் பூச்சோ போட்டு அனுப்புவார்கள். இன்னும் சிலவற்றுக்குக் கறுப்புப் பெயின்டே அடித்திருக்கும். கத்தி முனையால் வெளிப்பக்கத்தில் சின்னதாகச் சுரண்டினால் பெயின்ட் சீவலாக, வளைந்துகொண்டு உரியும். ஆக்சைடு தூளாக உதிரும், அல்லது சுரண்டவே வராது. கெட்டிப்பட்ட எண்ணெய்ப் படலம் பழுப்புத் தூளாக வரும். இந்தக் கடாயில் வந்தது பழுப்புத் தூள், அதனடியில் கருநீலம். பெயின்ட் உரிந்து வந்திருந்தால் இந்தக் கடாயை நான் சமையலுக்குத் திருப்பித் தந்திருக்க மாட்டேன். என்ன பெயின்ட், அதில் என்ன உலோகம் என்று தெரியாத ஒன்றை அடுப்பில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பிசுக்கை எடுக்கப் பாத்திரம் கழுவும் சோப்பு போதாது. பாதி இறுகிய எண்ணெயைக் கழற்றக் காரம் வேண்டும். காரம் கொழுப்பைச் சோப்பாக மாற்றிவிடும், அப்புறம் நீரே அதைக் கொண்டுபோய்விடும். இதற்கு மூன்று தரம் உண்டு. ஆப்ப சோடா மிகச் சாது, துடைப்பதற்கு மட்டும் ஆகும். சலவைச் சோடா நடுத்தரம். காஸ்டிக் சோடா கடுமையானது, கெட்டிப்பட்ட படலத்தையும் உரித்து எடுத்துவிடும், ஆனால் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். பிசுக்குக்குச் சலவைச் சோடாவே போதும் என்பது என் கணக்கு. கெட்டியாக நிற்கிற நல்ல கறுப்பை உரிக்க நமக்கு ஆசை இல்லை, அதனால் அதைத் தொடாத மருந்தாக இருப்பதே நல்லது. சலவைச் சோடா கையில் இல்லாவிட்டால் ஆப்ப சோடாவை எவர்சில்வர் பாத்திரத்தில் வெறுமனே வறுக்கலாம். சூட்டில் நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி அது சலவைச் சோடாவாகவே மாறிவிடும். எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும்.

முதலில் காரமே இல்லாமல் முடிந்ததை எடுத்தேன். கடாயைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்தால் பிசுக்கு இளகும். அப்போது மரக் கரண்டியின் விளிம்பால் விளிம்பைச் சுற்றிச் சுரண்டினேன். பழுப்பு நிறத்தில் சுருள் சுருளாக வந்தது. கத்தியால் சுரண்டினால் வேகமாக வரும், ஆனால் தகட்டில் கோடு விழும், அந்தக் கோட்டில் பின்னால் துரு குடியேறும்.

அப்புறம் கடாயில் விளிம்பைத் தொடும்வரை தண்ணீர் ஊற்றி, ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா என்ற கணக்கில் கரைத்து, மெல்லக் கொதிக்க விட்டேன். பொங்கிக் கொட்டும் கொதி வேண்டாம், ஓரத்தில் குமிழி விட்டுக்கொண்டே இருந்தால் போதும். கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், முகத்தை மேலே நீட்டக் கூடாது. இந்தக் கரைசல் பட்டால் அலுமினியம் அரித்து நிறம் மாறிவிடும், ஆகவே கரண்டியோ மூடியோ அலுமினியமாக இருக்கக் கூடாது. கடாயின் காதே அலுமினியமாக இருந்தால் இந்த முறையே வேண்டாம், காரத்தைத் துணியில் நனைத்துப் பிசுக்கு உள்ள இடத்தில் மட்டும் வைக்கலாம்.

பத்து நிமிடத்தில் தண்ணீர் மஞ்சளானது. அரை மணி நேரத்தில் கடுங்காப்பி நிறத்துக்கு வந்து, மேலே சோப்பு நுரை கட்டியது. அந்த நுரை வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பிசுக்கே சோப்பாகி நுரைக்கிறது. தண்ணீர் வற்றும்போது மட்டம் இறங்கும், விளிம்பு வெளியே வந்துவிடும், ஆகவே கொதிநீரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நாம் இத்தனை பாடு படுவது அந்த விளிம்புக்காகத்தானே. கொதித்த நீரைக் கொட்டிவிட்டு, சூடு ஆறும் முன்பே கம்பி நாரால் தேய்த்தேன். பிசுக்கு கம்பி நாரில் சிக்காமல் கறுப்புச் சேறாகக் கரைந்து வந்தது. புதுக் கரைசல் ஊற்றி மறுபடி கொதிக்க விட்டபோது நீர் வெளிர் மஞ்சளோடு நின்றது. மூன்றாவது தடவை தேவைப்படாது என்பதற்கு அதுவே அடையாளம்.

வெளிப்பக்கம் நீரில் முங்காது. அதற்குச் சலவைச் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழம்பாகக் குழைத்துத் தடவி, மேலே ஈரத் துணி சுற்றி ஓர் இரவு விட்டேன். காலையில் தேய்த்தபோது பெரும்பகுதி வந்துவிட்டது. காது ரிவெட்டின் இடுக்கில் மட்டும் பழைய பல் துலக்கும் பிரஷ் போட்டு நோண்ட வேண்டியிருந்தது. அங்கே தேங்கியிருக்கும் பழைய எண்ணெயை எடுக்காமல் விட்டால், மறுபடி பழக்கும்போது சூட்டில் இளகி வழிந்து சுத்தமான சுவரில் கோடு போட்டுவிடும்.

இனி துரு. வினிகரில் ஊறப் போடு என்பார்கள். துருவை வினிகர் நன்றாகவே கரைக்கும், ஆனால் துரு தீர்ந்ததும் நிற்காது, நல்ல இரும்பையும் கருநீல ஆக்சைடையும் அரிக்கத் தொடங்கும். முழுக் கடாயையும் மணிக்கணக்கில் முக்கி வைத்தால் வெளியே எடுக்கும்போது மேற்பரப்பு சாம்பல் திட்டுத் திட்டாகச் சொரசொரப்பாகிவிடும். இந்தக் கடாயில் துரு உள்ளங்கை அளவு இடத்தின் ஓரத்தில் மட்டும்தான். ஆகவே வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து, அந்த இடத்தின் மேல் மட்டும் பரப்பி, பதினைந்து நிமிடம் விட்டு எடுத்தேன். துரு மென்மையாகி விரலால் தேய்த்தாலே வந்தது. உடனே சோப்புப் போட்டுக் கழுவினேன், அமிலம் மிச்சம் இருந்தால் அடுத்த நிமிடமே மறுபடி துருப் பிடிக்கும்.

இப்போது அடிக்குழியில் வெறும் இரும்பு, பக்கத்தில் கெட்டியான பழைய கறுப்பு, இரண்டுக்கும் நடுவே விரல் வைத்தால் ஒரு சின்னப் படி தட்டுப்பட்டது. அநேகம் பேர் விட்டுவிடும் இடம் இதுதான். இந்தப் படியை அப்படியே விட்டு மேலே எண்ணெய் பூசினால், கரண்டி முதலில் அந்த விளிம்பில்தான் மாட்டும், அங்கிருந்து சில்லுச் சில்லாகப் பெயரும். 120 எண் உப்புத்தாளால் அந்த எல்லையை மட்டும் சரிவாகத் தேய்த்து, அப்புறம் 220 எண் தாளால் வழவழப்பாக்கினேன். விரலை மூடிய கண்ணோடு ஓட்டிப் பார்த்து, எங்கே கறுப்பு முடிகிறது எங்கே இரும்பு தொடங்குகிறது என்று தெரியாத வரைக்கும். இரும்பை பளபளவென்று ஆக்க வேண்டியதில்லை. மிக வழவழப்பான பரப்பில் முதல் படலத்துக்குப் பிடிமானம் குறையும்.

கழுவித் துடைத்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் வெறும் இரும்பில் ஆரஞ்சு நிறம் படரும். ஈரம் பட்ட சுத்தமான இரும்பு அவ்வளவு வேகமாகத் துருப் பிடிக்கும். அதனால் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுத்தான் கடைசிக் கழுவலைச் செய்தேன். துணியால் ஒற்றி எடுத்த கையோடு அடுப்பில் ஏற்றியாகிவிட்டது.

முதலில் சிறு தீ, அப்புறம் மெல்ல மெல்லக் கூட்டினேன். சன்னமான தகட்டில் ஒரே இடத்தில் திடீரென்று பெருந்தீ காட்டினால் தகடு நெளியும். குழிந்த அடி கொஞ்சம் தாங்கும், தட்டையான அடி உள்ள கடாய் தாங்காது. ஈரம் போனபின் வெறும் இரும்பில் நிறம் மாறத் தொடங்கியது. சுமார் 220 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, 300 டிகிரி நெருங்கும்போது நீலம். மேற்பரப்பில் உண்டாகும் ஆக்சைடு படலத்தின் கனம் கூடக் கூட இப்படி நிறம் மாறுகிறது. வெப்பமானி இல்லாதவர்களுக்கு இரும்பே சொல்லிவிடுகிறது. நடுவில் ஊதா வந்ததும் கடாயைச் சாய்த்து, அடுத்த பகுதியைத் தீயின் மேல் கொண்டுவந்து, இப்படியே சுற்றி வந்தேன். இந்த நீல ஆக்சைடு தானே ஓரளவு துருவைத் தடுக்கும், எண்ணெய்ப் படலத்துக்கும் நல்ல தரை. பழைய கறுப்பு இருந்த இடங்களில் லேசாகப் புகை வந்து நின்றது. காரத்துக்குத் தப்பிய மிச்சம் மீதி அங்கே எரிந்துபோனது. ஜன்னலைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெய் விஷயத்தில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எது பின்னிக்கொள்ளும் இடங்கள் அதிகமுள்ள எண்ணெய் என்பதுதான் கேள்வி. தேங்காய் எண்ணெயிலும் நெய்யிலும் அந்த இடங்கள் மிகக் குறைவு, அவற்றை வைத்துப் பழக்குவது வீண் வேலை, பிசுக்காகவே நிற்கும். ஆளிவிதை எண்ணெயில் மிக அதிகம், படலம் கண்ணாடி மாதிரி கெட்டியாக வரும், ஆனால் அந்தக் கெட்டித்தன்மையாலேயே சில்லாகப் பெயரும் என்ற புகார் அதன்மேல் நெடுநாளாக உண்டு. நடுவில் நிற்கும் சூரியகாந்தி, சோயா போன்றவை போதும். நல்லெண்ணெயும் நன்றாகவே வேலை செய்யும். நான் எடுத்தது சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய். புகை வரும் சூடு 225 டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பதால், புகையைப் பார்த்தே சூட்டைக் கணிக்கலாம்.

அளவைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். உள்ளும் புறமும் சேர்த்து அரைத் தேக்கரண்டி. கடாய் கை வைக்க முடியாத, ஆனால் புகையாத சூட்டில் இருக்கும்போது, மடித்த பருத்தித் துணியில் எண்ணெயைத் தொட்டு எல்லா இடமும் தடவினேன். சூட்டில் எண்ணெய் நீர்த்து மெல்லியதாகப் பரவும். அப்புறம் வேறொரு காய்ந்த துணியை எடுத்து, எண்ணெயைத் தெரியாமல் கொட்டிவிட்டோம், முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு துடைத்தேன். அதற்குமேல் இன்னொரு புதுத் துணியால் மறுபடியும். துடைத்தபின் பார்த்தால் ஈரப் பளபளப்பு இருக்கக் கூடாது, எண்ணெய் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்படி மங்கலாக இருக்க வேண்டும். நன்கு வெளுத்த பழைய வேட்டித் துணி இதற்கு உகந்தது. டிஷ்யூத் தாளில் நார் உதிர்ந்து படலத்தில் புதைந்துவிடும்.

தீயைக் கூட்டினால் சில நிமிடங்களில் நடுவில் மெல்லிய புகை எழும். புகை வந்ததும் பலர் அணைத்துவிடுவார்கள். புகை என்பது வேலை தொடங்கியதன் அடையாளம், நிற்கும்வரை வைத்திருக்க வேண்டும். ஓர் இடத்தில் புகை நின்றதும் கடாயை இடுக்கியால் பிடித்துச் சாய்த்து அடுத்த பக்கத்தைத் தீயில் காட்டினேன். விளிம்புக்குத் தனியாக நேரம் தர வேண்டும். காதைப் பிடித்துக் கடாயைப் பக்கவாட்டில் நிறுத்தி, விளிம்பே தீயின் மேல் வரும்படி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உருட்டினேன். கனமான துணிக் கையுறை இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். பெரிய ஓவன் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. எண்ணெய் தடவித் துடைத்த கடாயைக் கவிழ்த்து வைத்து, 230 டிகிரியில் ஒரு மணி நேரம் விட்டு, உள்ளேயே ஆறவிட்டால் விளிம்பும் அடியும் ஒரே சூட்டில் இறுகும். கைப்பிடி மரமோ பிளாஸ்டிக்கோ என்றால் ஓவன் ஆகாது.

முதல் சுற்று முடிந்தபோது அடிக்குழியின் நீலம் வெண்கலப் பழுப்பாகியிருந்தது. கறுப்பு வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் எண்ணெய் கூட்டத் தோன்றும் நேரம் அது. ஒரே பூச்சில் கறுப்பு வந்தால் அது கனமான பூச்சு என்று அர்த்தம். கடாய் கைச்சூட்டுக்கு ஆறியதும் அதே அளவு எண்ணெய், அதே துடைப்பு, அதே சூடு. ஒவ்வொரு சுற்றுக்கும் பழுப்பு அடர்ந்துகொண்டே போனது. நான்காவது சுற்றில் அடியும் சுவரும் ஏறக்குறைய ஒரே நிறத்துக்கு வந்தன. பக்கச் சுவரில் பழைய கறுப்பு இருந்ததால் அங்கே இவ்வளவு தேவையில்லைதான், ஆனால் அடியை மட்டும் தனியாகப் பூசப் போனால் மறுபடி ஒரு படி உண்டாகும்.

நடுவில் ஒரு சுற்றில் காதுக்குக் கீழே பட்டாணி அளவில் பழுப்புச் சொட்டு ஒன்று பளபளவென்று நின்றது. ரிவெட் இடுக்கிலிருந்து இறங்கிய எண்ணெய்தான். விரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது, அதாவது உள்ளே இறுகவில்லை. இப்படிப்பட்ட சொட்டை மேலும் காய்ச்சி இறுக்கலாம் என்று நினைப்பதில் பயனில்லை, மேல் தோல்தான் கெட்டியாகும். கல் உப்பும் ஒரு துளி எண்ணெயும் வைத்துத் துணியால் அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் சொட்டு போய்விடும், சுற்றியுள்ள படலம் நிற்கும். அடுத்த சுற்றில் காதுகள் கீழ்நோக்கி இருக்கும்படி கவிழ்த்துப் பிடித்தேன். இடுக்கில் இருந்த மிச்சம் வெளிப்பக்கமாகவே இறங்கியது, துணியில் ஒற்றி எடுத்தாயிற்று.

எண்ணெய்த் துணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கசக்கிச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூட்டை வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, தானாகவே தீப்பிடிக்க வாய்ப்புண்டு. ஆளிவிதை எண்ணெய்த் துணியில் இந்த ஆபத்து மிக அதிகம். விரித்துக் காயப் போட்டோ, தண்ணீரில் நனைத்தோ போடலாம்.

கடாய் முழுக்க ஆறியபின் மறுபடி அதே டிஷ்யூச் சோதனை. விளிம்பில் தாள் வழுக்கிக்கொண்டு போனது, நார் பிய்யவில்லை. சூடாக இருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்தால் ஏமாற்றும், ஆறினால்தான் பிசுக்கு தெரியும். வாடைக்கு வேறு சோதனை. அரை லிட்டர் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஒரு வெள்ளைக் கோப்பையில் ஊற்றி நிறத்தைப் பார்த்து, முகர்ந்து, ஒரு வாய் சுவைத்தும் பார்க்க வேண்டும். நீர் தெளிவாக இருந்தது. வாடை இல்லை என்று சொல்ல மாட்டேன், எண்ணெய் காய்ந்த வாசம் மெலிதாக இருந்தது, ஆனால் பழைய துவர்ப்பு இல்லை. நீர் மஞ்சளாகியிருந்தாலோ நாக்கில் துவர்த்திருந்தாலோ எங்கோ வெறும் இரும்பு தெரிகிறது என்று பொருள், அந்த இடத்தைத் தேடி இன்னும் இரண்டு பூச்சுப் போட வேண்டியிருக்கும். கொதிநீர்ச் சோதனை முடிந்ததும் கடாயைத் தீயில் உலர்த்தினேன்.

திருப்பிக் கொடுக்கும்போது அக்காவிடம் சொன்னது கொஞ்சம்தான். முதல் சில வாரம் வதக்கல், பொரியல், வறுவல் எல்லாம் செய்யலாம், புளிப்பு எதையும் இதில் கொதிக்க வைக்க வேண்டாம். சமைத்ததை இதிலேயே வைக்காமல் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். கழுவ ஒரு சொட்டு சோப்பு போடலாம், இறுகிய படலத்தைப் பாத்திர சோப்பு ஒன்றும் செய்யாது. ஊற மட்டும் போடக் கூடாது. கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரம் போக்கி, எண்ணெய் தடவுவதானால் தடவியது தெரியாதபடி துடைத்து, லேசாகப் புகை வரும்வரை காட்டிவிட்டு எடுத்து வைக்க வேண்டும். "எண்ணெய் தடவாமலே வெச்சா?" என்று கேட்டாள். அடிக்கடி பயன்படுத்துகிற கடாய்க்கு உலர்ந்திருந்தாலே போதும். பச்சை எண்ணெயோடு அலமாரியில் வைப்பதைவிட வெறுமனே வைப்பது எவ்வளவோ மேல், பச்சை எண்ணெய்தான் நாளடைவில் சிக்கு வாடை எடுத்து, தூசியைப் பிடித்துப் பிசுக்காகும்.

சில வாரம் கழித்துப் பார்த்தபோது அடிக்குழியில் கரண்டி படுகிற இடத்தில் ஓர் அரைவட்டம் சற்று வெளுத்திருந்தது. தாளை இழுத்தால் சாம்பல் நிறம் ஏறவில்லை, ஆகவே படலம் தேய்ந்திருக்கிறதே தவிரப் போகவில்லை. அதற்கு மறுபடி காரமோ உப்புத்தாளோ தேவையில்லை. அந்த இடத்தில் மட்டும் ஒரு பூச்சு போட்டு, விளிம்பு மங்க நாலு விரல் தள்ளித் துடைத்து, புகை நிற்கும்வரை காய்ச்சினோம். இம்முறை துணியைப் பிடித்தது அக்கா. விளிம்பு வளையம் மட்டும் அடியளவு கறுக்காமல் இன்னும் பழுப்பாகவே இருக்கிறது, கை ஒட்டவில்லை என்பதால் அதைத் தொடவில்லை.